தூக்கிய கை இறங்கவே இல்லை... அடமும் அல்ல, நடிப்பும் அல்ல... இது ‘கேட்டடோனியா’!

காலை 6 மணி. தென் மாவட்டம் ஒன்றின் அரசு மருத்துவமனை, பெண்கள் பொது மருத்துவ வார்டு. நைட் டியூட்டி முடியப்போகிற நேரத்தில் ஒவ்வொரு கட்டிலாக பி.பி பார்த்துக்கொண்டு வருகிறார் நர்ஸ். ஜன்னலோரக் கட்டிலில் 22 வயதுப் பெண். முந்தைய இரவு 11 மணிக்குத்தான் அட்மிட் ஆனவர். கண்கள் திறந்திருக்கின்றன. பார்வை மட்டும் கூரையில் ஒரே இடத்தில் நிற்கிறது. இமைப்பதே அபூர்வம்.

நர்ஸ் அந்தப் பெண்ணின் வலது கையைத் தூக்கி, பட்டையைச் சுற்றி, பி.பி பார்த்து எழுதிக்கொள்கிறார். பட்டையைக் கழற்றிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறார். நாலைந்து நிமிடம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், அந்தக் கை இன்னும் அந்தரத்திலேயே நிற்கிறது. தாங்கிப் பிடிக்க யாரும் இல்லை.

“அது அப்படித்தான் சிஸ்டர் பண்ணுது. மூணு நாளா ஒரே அடம். ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேங்குது. நாங்க கெஞ்சாத கெஞ்சு இல்ல” என்கிறார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா.

நர்ஸ் கையை மெதுவாக இறக்கி வைக்கிறார். பிறகு தலையணையைச் சரிசெய்ய அதை உருவுகிறார். தலை கட்டிலில் விழவில்லை. தலையணை இல்லாத இடத்தில், மெத்தைக்கு இரண்டு விரல்கடை மேலேயே நிற்கிறது. நம்மில் யாரும் படுத்தபடி தலையை அப்படித் தூக்கி வைத்துக்கொண்டால் ஓரிரு நிமிடத்தில் கழுத்து நடுங்கிவிடும். இந்தப் பெண்ணுக்கு நடுங்கவில்லை.

வீட்டுக்குக் கிளம்பாமல் டியூட்டி டாக்டரின் அறைக்கு நடக்கிறார் நர்ஸ். அந்தப் பெண்ணைக் காப்பாற்றியதில் முதல் பங்கு அந்த நடைக்குத்தான்.

(இந்த வாரம் சொல்லப்படுவது ஒரு தனி நோயாளியின் கதை அல்ல. இத்தகைய வார்டுகளில் வழக்கமாக நடப்பவற்றைச் சேர்த்து அமைத்த சித்திரம். மருத்துவ விவரங்கள் அனைத்தும் நடைமுறையில் உள்ளவை.)

மூன்று வாரத்துக்கு முன்னால்...

பட்டப்படிப்பை முடித்துவிட்டு வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பெண் அவர். மூன்று வாரத்துக்கு முன் தூக்கம் குறைந்தது. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்தபடி இருப்பார். “நான் எதுக்கும் லாயக்கில்லம்மா” என்று இரண்டொரு முறை சொன்னார். தேர்வு பயம் என்று வீட்டில் நினைத்தார்கள்.

பிறகு பேச்சு குறைந்தது. கேட்ட கேள்விக்கு ஒற்றை வார்த்தையில் பதில், அப்புறம் தலையசைப்பு, அப்புறம் அதுவும் இல்லை. ஒரு நாள் காலையில் பல் துலக்கப் போனவர், வாயில் பிரஷ்ஷோடு முக்கால் மணி நேரம் வாஷ்பேசின் முன்னாலேயே நின்றிருக்கிறார். அன்றிலிருந்து சாப்பாடு இல்லை.

அப்பத்தா விபூதி பூசினார். பக்கத்து ஊர்க் கோயிலுக்குக் கூட்டிப்போய் மந்திரித்தார்கள். ஒரு கிளினிக்கில் ஒரு பாட்டில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். அங்கே இருந்த ஒருவர், நடிக்கிறாரா என்று பார்க்க மூக்கருகில் அம்மோனியா பஞ்சை வைத்தார். கண்ணில் நீர் வழிந்ததே தவிர, தலை திரும்பவில்லை. “டெஸ்ட்டெல்லாம் நார்மல். மனசுலதான் ஏதோ” என்று அனுப்பிவிட்டார்கள். அன்று இரவு, தொண்டையாவது நனையட்டும் என்று அப்பத்தா ஸ்பூனால் வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றினார். அதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உறைந்துபோன உடல்

டியூட்டி டாக்டர் அழைத்ததும் மனநல மருத்துவர் வார்டுக்கு வருகிறார். அவர் மனதில் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது: கேட்டடோனியா.

மூளை வேலை செய்கிறது. காது கேட்கிறது. கை கால்களில் பக்கவாதம் இல்லை. ஆனாலும் அசைவையும் பேச்சையும் தொடங்கவோ, தொடங்கியதை நிறுத்தவோ முடியாமல் உடல் மாட்டிக்கொள்கிற நிலைதான் கேட்டடோனியா. கோமாவில் இருப்பவருக்குக் கண் மூடியிருக்கும். சுற்றி நடப்பது தெரியாது. இங்கே நோயாளி பெரும்பாலும் விழித்துத்தான் இருக்கிறார்.

இதில் அதிகம் தென்படும் அடையாளங்கள் மூன்று. முதலாவது, அசைவற்றுப்போவது. தட்டினாலும் கூப்பிட்டாலும் கிட்டத்தட்ட எந்த எதிர்வினையும் இருக்காது. இரண்டாவது, பேச்சற்றுப்போவது. மூன்றாவது, வைத்த நிலையிலேயே நிற்பது. அந்தரத்தில் நின்ற கையும், தலையணை இல்லாமல் நின்ற தலையும் இந்த மூன்றாவது வகை. கையை மடக்கிப் பார்த்தால், லேசாகச் சூடாக்கிய மெழுகுவத்தியை வளைப்பதுபோல ஒரே சீரான மெல்லிய எதிர்ப்பு தெரியும்.

எல்லோரும் இப்படி உறைந்துபோவதில்லை. சிலர் காரணமே இல்லாமல் பரபரவென்று அலைவார்கள். சிலர் எதிரே இருப்பவர் சொல்வதையே கிளிப்பிள்ளைபோலத் திரும்பச் சொல்வார்கள், செய்வதையே செய்வார்கள். ஒரே நோயாளி காலையில் கல்லாகக் கிடந்து மாலையில் கத்திக்கொண்டு ஓடுவதும் உண்டு. “காலையில நல்லா நடந்து பாத்ரூம் போனா, இப்ப மட்டும் நடிக்கிறா” என்று வீட்டினர் சந்தேகப்படுவதற்கு இந்த ஏற்ற இறக்கம்தான் காரணம்.

ஐந்து நிமிடப் பரிசோதனை

கேட்டடோனியாவை உறுதிசெய்ய ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ கிடையாது. கட்டிலருகில் நின்று பார்க்க வேண்டும். அதற்கென ஒரு முறை இருக்கிறது. புஷ் - ஃபிரான்சிஸ் அளவுகோல் என்று பெயர்; 1996-ல் வெளியானது. மொத்தம் 23 அடையாளங்கள். அவற்றில் முதல் 14-ல் இரண்டு இருந்தாலே கேட்டடோனியா என்று சந்தேகிக்கலாம்.

மனநல மருத்துவர் முதலில் சாதாரணமாகப் பேச்சுக் கொடுக்கிறார். பதில் இல்லை. பேசிக்கொண்டே தன் தலையைப் பெரிதாகச் சொறிந்து காட்டுகிறார். அந்தப் பெண்ணும் அதேபோலச் செய்கிறாரா என்று பார்க்கத்தான் அது. இவர் செய்யவில்லை. கைகளை மெதுவாகவும் வேகமாகவும் மடக்கி நீட்டி இறுக்கத்தைப் பார்க்கிறார். பிறகு பெண்ணின் கையை நீட்டி வைத்து, அதன் அடியில் ஒரே ஒரு விரலை வைத்து, “நான் தூக்குவேன்மா, நீ தூக்க விடாதே” என்கிறார். விரல் பட்டதுமே, மேசை விளக்கின் கழுத்தைத் தள்ளியதுபோலக் கை மேலே போகிறது. அடுத்து, “எனக்குக் கை கொடுக்காதே” என்று சொல்லிக்கொண்டே தன் கையை நீட்டுகிறார். பெண்ணின் விரல்கள் லேசாக முன்னே வந்து, பின்வாங்கி, பாதியில் நிற்கின்றன. எதைச் செய்வது என்ற முடிவுக்கு உடலால் வர முடியவில்லை.

கடைசியாக நர்ஸ் எழுதிய சார்ட்டைப் பார்க்கிறார். சாப்பாடு, தண்ணீர், சிறுநீர், காய்ச்சல், நாடித்துடிப்பு. எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒவ்வோர் அடையாளத்துக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். இந்தப் பெண்ணின் மொத்த மதிப்பெண் 19.

போடாமல் நிறுத்திய ஊசி

இரவு எழுதப்பட்ட கேஸ் ஷீட்டில், ‘தேவைப்பட்டால் ஹாலோபெரிடால் ஊசி’ என்று ஒரு வரி இருக்கிறது. மனநோய் என்று சந்தேகம் வந்தால் பல இடங்களில் கை தன்னிச்சையாக எழுதும் மருந்து அது. மனநல மருத்துவர் முதல் வேலையாக அந்த வரியை அடிக்கிறார்.

ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தின் வேலையைத் தடுப்பவை. மனச்சிதைவு நோயில் அது உதவும். கேட்டடோனியாவில், ஏற்கெனவே உறைந்திருக்கும் உடலை அது மேலும் இறுக்கிவிடக்கூடும். சிலருக்குக் கடும் காய்ச்சல், மரக்கட்டை போன்ற இறுக்கம், தறிகெட்ட பி.பி, தசைச் சிதைவு, சிறுநீரகச் செயலிழப்பு என்று உயிரையே பறிக்கும் நிலைக்குக் கொண்டுபோகும். வாந்திக்குப் போடும் மெட்டோகுளோபிரமைடு ஊசிக்கும் டோபமைனைத் தடுக்கும் குணம் உண்டு. அதையும் இந்த நோயாளிக்குத் தவிர்க்கச் சொல்கிறார் அவர்.

நோயின் பெயர் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது இங்கேதான் புரியும். பெயர் தெரியாமல் ‘மனநோய்’ என்று மட்டும் எழுதியிருந்தால், அடுத்த ஊசி தவறான ஊசியாக இருந்திருக்கும்.

தூங்கவைக்கும் மருந்து எழுப்பிய அதிசயம்

அடுத்து மருத்துவர் கேட்பது லோராசெபாம். பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் வலிப்புக்கும் தரப்படும் மருந்து. “ஏற்கெனவே அசையாம கிடக்குற புள்ளைக்குத் தூக்க மருந்தா டாக்டர்?” என்று அதிர்ந்துபோகிறார் அப்பா.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. சாதாரண மனிதருக்கு 2 மில்லிகிராம் லோராசெபாமை நரம்பில் போட்டால் கண் சொக்கும். ஆனால் கேட்டடோனியாவில், மூளையின் ‘பிரேக்’ சுற்றுகள் சரியாக வேலை செய்யாமல் அசைவும் அச்சமும் ஒன்றையொன்று பூட்டிவைத்திருப்பதாகக் கருதப்படுகிறது. காபா என்ற ரசாயனத்தின் வேலையைக் கூட்டி, லோராசெபாம் அந்தப் பூட்டைத் தளர்த்துகிறது. இந்த ஊசி சிகிச்சையாகவும் இருக்கிறது, நோயை உறுதிப்படுத்தும் சோதனையாகவும் இருக்கிறது.

ஆக்சிஜன் அளவு காட்டும் கருவியை விரலில் மாட்டி, மூச்சைக் கவனித்தபடி, 2 மில்லிகிராம் லோராசெபாமை மெதுவாக நரம்பில் செலுத்துகிறார்கள். மருத்துவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

மூன்றாவது நிமிடம், இமைகள் அடிக்கடி மூடித் திறக்கின்றன. ஆறாவது நிமிடம், அந்தரத்தில் இருந்த தலை மெல்லத் தலையணையில் சாய்கிறது. பத்தாவது நிமிடம் மருத்துவர் குனிந்து, “என்ன வேணும்மா?” என்று கேட்கிறார். உதடுகள் ஒட்டிக்கொண்டு பிரிகின்றன.

“தண்ணி.”

மூன்று நாளுக்குப் பிறகு வந்த முதல் சொல். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறார். அதே ஐந்து நிமிடப் பரிசோதனையை மருத்துவர் மறுபடி செய்கிறார். மதிப்பெண் 19-லிருந்து 8. பாதிக்கு மேல் குறைந்திருப்பதால் கேட்டடோனியா என்பது உறுதியாகிறது.

எல்லோருக்கும் இப்படிப் பத்து நிமிடத்தில் நடக்காது. சிலருக்கு இரண்டாவது ஊசி தேவைப்படும். சிலருக்கு ஓரிரு நாள் மருந்து கொடுத்த பிறகுதான் மாற்றம் தெரியும். ஊசி வேலை செய்யவில்லை என்பதற்காக ‘நோயில்லை, நடிப்பு’ என்ற முடிவுக்கும் வர முடியாது.

இந்தப் பெண்ணுக்கே மதியம் 3 மணிக்கு மறுபடி பேச்சு நின்றுபோனது. “திரும்பவும் போயிட்டாளே” என்று அம்மா கதறினார். ஊசியின் வேகம் குறைந்ததும் இப்படி ஆவது எதிர்பார்த்ததுதான் என்று விளக்கிவிட்டு, ஒரு நாளைக்கு மூன்று வேளை மருந்து என்று எழுதுகிறார் மருத்துவர். கேட்டடோனியா நோயாளிகள் மற்றவர்களைவிட அதிக அளவைத் தூங்கிவிடாமல் தாங்குவார்கள். அந்த அளவை வார்டில் மூச்சைக் கண்காணித்துக்கொண்டே கூட்ட முடியும். வீட்டில் கிடக்கும் தூக்க மாத்திரையைக் கொடுத்துப் பார்ப்பது ஆபத்து.

அசையாமல் இருப்பதே ஆபத்து

“மனசு சம்பந்தப்பட்டதுதானே, மெதுவாப் பார்த்துக்கலாம்” என்று கேட்டடோனியாவில் காத்திருக்க முடியாது. உடல்தான் முதலில் உடைகிறது.

முதல் ஆபத்து நீரிழப்பு. இந்தப் பெண்ணின் கிரியாட்டினின் 1.8. வழக்கமாக 1-ஐ ஒட்டி இருக்க வேண்டிய அளவு. மூன்று நாள் தண்ணீர் இல்லாததில் சிறுநீரகம் திணறத் தொடங்கியிருந்தது. அதோடு சிறுநீர்ப்பை நிரம்பியும் கழிக்க முடியாமல் அடிவயிறு புடைத்திருந்தது. குழாய் போட்டு வெளியேற்றினார்கள். பட்டினி கிடந்த உடலுக்கு உணவையும் ஒரேயடியாகக் கொடுக்க முடியாது. ரத்தத்தில் உப்புகளின் அளவு தாறுமாறாக மாறிவிடும் என்பதால், தயாமின் ஊசி போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டினார்கள்.

இரண்டாவது, ரத்தக்கட்டி. கால் அசையாமல் கிடந்தால், கெண்டைக்காலின் ஆழ் ரத்தக்குழாய்களில் ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போனால் சில நிமிடங்களில் உயிர் போகலாம். கேட்டடோனியாவில் திடீர் மரணங்களுக்கு இது முக்கியமான காரணம். அதனால்தான் முதல் நாளே ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியைத் தொடங்கினார்கள். படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தார்கள். கால்களை மடக்கி நீட்டும் வேலையை அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

மூன்றாவது ஆபத்து, மூன்றாம் நாள் மாலை வந்தது. காய்ச்சல்.

காய்ச்சல் அடித்த இரவு

தெர்மாமீட்டர் 101 காட்டியதும் வார்டு பரபரப்பானது. கேட்டடோனியாவில் காய்ச்சல் என்றால் மருத்துவர்கள் மூன்று கேள்விகளை ஒரே நேரத்தில் கேட்டாக வேண்டும்.

ஒன்று, நோய் தீவிரமாகிவிட்டதா? காய்ச்சலோடு இறுக்கமும், தாறுமாறான நாடித்துடிப்பும், பி.பி-யும் சேர்ந்தால் உயிராபத்தான கேட்டடோனியா. நோயாளியை ஐ.சி.யூ-வுக்கு மாற்ற வேண்டும். தசை சிதைகிறதா என்று காட்டும் சி.கே ரத்தப் பரிசோதனை செய்யப்பட்டது. அது பெரிதாக உயரவில்லை.

இரண்டு, மூளையில் அழற்சியா? கேட்டடோனியா மனநோயால் மட்டும் வருவதில்லை. மூளைக்காய்ச்சல், வெளியே தெரியாத வலிப்பு, லூபஸ் போன்ற நோய்கள், சில மருந்துகளைத் திடீரென நிறுத்துவது ஆகியவையும் அதைக் கொண்டுவரும். குறிப்பாக இளம் பெண்களிடம் மருத்துவர்கள் தேடும் ஒரு நோய் உண்டு. உடலின் எதிர்ப்பு சக்தியே மூளையின் என்.எம்.டி.ஏ ஏற்பிகளைத் தாக்கும் மூளை அழற்சி அது. மருத்துவர் ஜோசப் டால்மாவ் குழுவினர் 2007-ல் இதை விவரித்தார்கள். சிலருக்குச் சினைப்பையில் இருக்கும் ஒரு கட்டிதான் இதைத் தூண்டுகிறது. கட்டியை எடுத்து, எதிர்ப்பு சக்தியை அடக்கும் சிகிச்சை கொடுத்தால் பலர் மீண்டுவிடுகிறார்கள். பேய், மனநோய் என்று நாள் கடத்தினால் இழப்பு பெரிது. அதனால் எம்.ஆர்.ஐ எடுத்தார்கள். மூளையின் மின்னலைகளைப் பார்க்க இ.இ.ஜி எடுத்தார்கள். முதுகுத்தண்டு நீரையும் சோதித்தார்கள். எதிலும் கோளாறு இல்லை.

மூன்று, வேறு எங்காவது தொற்றா? பதில் மார்பு எக்ஸ்ரேயில் இருந்தது. வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் வெள்ளைப் படலம். நிமோனியா. அப்பத்தா அன்பாக ஊற்றிய தண்ணீரில் ஒரு பங்கு உணவுக்குழாய்க்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குப் போயிருந்தது. விழுங்கும் செயலும் உறைந்திருக்கும்போது வாயில் ஊற்றுவது எதுவானாலும் போகும் வழி அதுதான்.

ஆன்டிபயாடிக் தொடங்கினார்கள். இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. அப்பத்தாவிடம் யாரும் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. “பேத்திக்கு இப்ப டியூப்லதான் கொடுக்கணும் ஆத்தா. அவளா கேட்டு, உக்காந்து குடிக்கிறப்ப நீங்களே கொடுக்கலாம்” என்று மட்டும் நர்ஸ் சொன்னார்.

ஒரு நூற்றாண்டுக் குழப்பம்

கேட்டடோனியா என்ற பெயரை வைத்தவர் ஜெர்மனியின் கோர்லிட்ஸ் நகரில் மனநல மருத்துவமனை நடத்திய கார்ல் கால்பாம். ஆண்டு 1874. அதைத் தனி நோயாகவே அவர் விவரித்தார். பின்னால் வந்த எமில் கிரப்பெலின் அதை மனச்சிதைவு நோயின் ஒரு வகையாகச் சேர்த்துவிட்டார். அந்த முத்திரை சுமார் நூறு ஆண்டுகள் நீடித்தது. கேட்டடோனியா என்றால் மனச்சிதைவு, மனச்சிதைவு என்றால் ஹாலோபெரிடால் என்ற பழக்கம் அதிலிருந்து வந்ததுதான்.

உண்மையில் கடும் மனச்சோர்விலும், இருமுனை மனநிலைக் கோளாறிலும், பிரசவத்துக்குப் பிந்தைய மனநோயிலும், மேலே சொன்ன உடல் நோய்களிலும் இது வருகிறது. 2013-ல் வெளியான அமெரிக்க மனநல வகைப்பாட்டு நூலின் ஐந்தாம் பதிப்பு, எந்த நோயோடும் கேட்டடோனியாவைச் சேர்த்துக் குறிக்க இடம் கொடுத்தது. இந்தப் பெண்ணுக்கு அடியில் இருந்தது கடும் மனச்சோர்வு. “நான் எதுக்கும் லாயக்கில்ல” என்று சொன்ன நாளிலேயே அது தொடங்கியிருந்தது.

ஊசிக்கு அசையாவிட்டால்?

லோராசெபாமை நாலைந்து நாள் சரியான அளவில் கொடுத்தும் மாற்றம் இல்லாவிட்டால், அல்லது காய்ச்சலும் இறுக்கமும் சேர்ந்த உயிராபத்தான நிலை என்றால், அடுத்து இருப்பது இ.சி.டி. நம் ஊரில் ‘ஷாக் ட்ரீட்மென்ட்’ என்றதும் சினிமாவில் கட்டிலில் கட்டிவைத்துச் செய்யும் சித்ரவதைதான் பலருக்கு ஞாபகம் வரும். இன்று அது ஆபரேஷன்போல மயக்க மருந்து கொடுத்து, தசைகளைத் தளர்த்தும் மருந்தும் கொடுத்துச் செய்யப்படுகிறது. இவை இரண்டும் இல்லாமல் இ.சி.டி கொடுப்பதை 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. கேட்டடோனியாவில் மருந்து தோற்ற இடத்திலும் பலரை மீட்கும் சிகிச்சை இது. பயத்தால் நாள் கடத்துவதுதான் ஆபத்து. தற்காலிக மறதி போன்ற பக்கவிளைவுகள் பற்றிச் சம்மதக் கையெழுத்துக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இந்தப் பெண்ணுக்கு அது தேவைப்படவில்லை. ஆறாம் நாள் தானாக எழுந்து உட்கார்ந்தார். எட்டாம் நாள் இரண்டு இட்லி சாப்பிட்டார். மனச்சோர்வுக்கான மாத்திரை தொடங்கப்பட்டது.

“எல்லாம் கேட்டுச்சு”

பத்தாம் நாள், மனநல மருத்துவர் கட்டிலருகில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார். “அந்த மூணு நாள் ஏதாவது ஞாபகம் இருக்காம்மா?”

கொஞ்ச நேரம் மௌனம். “எல்லாம் கேட்டுச்சு டாக்டர். அம்மா நடிக்காதடின்னு சொன்னது, மூக்குல ஏதோ வெச்சு எரிஞ்சது, எல்லாமே தெரியும். பதில் சொல்லணும்னுதான் நினைச்சேன். ஆனா வாயைத் திறந்தா, கையை அசைச்சா, வீட்டுல எல்லாரும் செத்துடுவாங்கன்னு ஒரு பயம். அந்தப் பயத்துலயே அப்படியே நின்னுட்டேன்.”

மீண்டு வந்தவர்களில் பலர் இப்படி ஒரு பெரும் பயத்தைச் சொல்கிறார்கள். சிலருக்கு எதுவுமே ஞாபகம் இருப்பதில்லை. யாருக்குக் கேட்கிறது, யாருக்குக் கேட்கவில்லை என்று வெளியில் இருந்து பார்த்தால் தெரியாது. அதனால் கட்டிலருகில் நின்று “இது தேறாது” என்றோ, “கல்யாணம் எப்படிப் பண்றது” என்றோ பேசவே கூடாது. ஊசி போடும்முன் “ஊசி போடப்போறேன்மா” என்று சொல்லிவிட்டுப் போடுவது நல்ல வார்டுகளின் வழக்கம்.

அம்மா அன்று முழுவதும் யாரிடமும் பேசவில்லை. இரவில் மகளின் தலையைக் கோதிவிட்டபடி, “எனக்குத் தெரியாமப் போச்சு கண்ணு” என்றார். “தெரியும்மா” என்றார் மகள்.

வீட்டில் இப்படி நடந்தால்...

பேச்சு படிப்படியாக நின்றுபோவது, ஒரே நிலையில் வெகுநேரம் நிற்பது, தூக்கிவிட்ட கை இறங்காதது, சாப்பாடும் தண்ணீரும் நின்றுபோவது. இவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தாலே அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கூடவே காய்ச்சல், உடல் இறுக்கம், வலிப்பு, மூச்சுத்திணறல், ஒரு கால் மட்டும் வீங்குவது ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் 108-ஐ அழைக்கலாம். அவசர சிகிச்சைப் பிரிவும் மனநலப் பிரிவும் ஒன்றாக இருக்கும் பெரிய மருத்துவமனையாக இருப்பது நல்லது.

போகும்முன் செல்போனில் ஒரு நிமிட வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். அடையாளங்கள் ஏறி இறங்குவதால், டாக்டர் பார்க்கும் நேரத்தில் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியக்கூடும். அந்த வீடியோ அப்போது பேசும். அதை டாக்டரைத் தவிர யாருக்கும் அனுப்ப வேண்டாம். சாப்பிட்டுவந்த எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துப் போங்கள். சமீபத்தில் எதை நிறுத்தினீர்கள் என்பதையும் சொல்லுங்கள். தூக்க மாத்திரையையோ, க்ளோசபின் போன்ற மனநல மருந்தையோ திடீரென நிறுத்தியதே காரணமாக இருக்கலாம். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பக்கவாட்டில் படுக்கவைத்து அழைத்துச் செல்லுங்கள்.

வீட்டுக்கு வந்தபிறகு, தேறிவிட்டாரே என்று லோராசெபாமைத் தானாக நிறுத்தக் கூடாது. டாக்டர் சொல்லும் கணக்கில் சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும். சட்டென்று நிறுத்தினால் உறைநிலை திரும்பக்கூடும். அடியில் இருந்த நோய்க்கான சிகிச்சை அதற்குப் பிறகும் தொடர வேண்டும். அந்தச் சிகிச்சை பற்றிய சந்தேகங்களுக்கு டெலி மானஸ் இலவச எண் 14416 இருக்கிறது.

பதினாறாம் நாள், டிஸ்சார்ஜ். கிளம்பும்முன் கடைசியாக பி.பி பார்க்க வந்தார் அதே நர்ஸ். கையைத் தூக்கி, பட்டையைச் சுற்றி, எழுதிக்கொண்டு, பட்டையைக் கழற்றினார். பிறகு கொஞ்சம் நின்று கவனித்தார்.

அந்தப் பெண் கையைக் கீழே இறக்கி, பையை எடுத்து மாட்டிக்கொண்டார்.